நன்றிப் பதிவில் யாரை டேக் செய்வது?

முகநூல் பதிவில் ஒருவரை டேக் செய்யும்போது மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. அவருடைய கைப்பேசிக்கு அறிவிப்பு போகிறது. பதிவு நண்பர்களுக்கு மட்டும் என்று போடப்பட்டிருந்தாலும், வழக்கமான அமைப்பில் டேக் ஆனவரின் நண்பர்களும் அதைப் பார்க்க முடிகிறது. அவருடைய பெயர் இணைப்பாக மாறிவிடுவதால், படிக்கிற எவரும் அதைத் தொட்டு அவருடைய பக்கத்துக்குள் போகலாம். இந்த மூன்றும் டேக் ஆனவரைத் தொடுபவை. ஆனால் மூன்றையும் முடிவு செய்கிறவர் பதிவு எழுதுகிறவர். நன்றிப் பதிவு தொந்தரவாக மாறுவது இந்த இடத்தில்தான்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. பலரும் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. டேக் செய்த பதிவில் மற்றவர்கள் கமெண்ட் போடப்போட, டேக் ஆனவருக்கும் அறிவிப்பு போய்க்கொண்டே இருக்கும். நாற்பது பேரை டேக் செய்த பதிவுக்கு அறுபது பேர் ‘வாழ்த்துகள்’ என்று எழுதினால், அந்த அறுபதும் நாற்பது பேருடைய கைப்பேசியிலும் தட்டுகின்றன. அந்தப் பதிவுக்கான அறிவிப்பை மட்டும் நிறுத்திவைக்க வழி இருக்கிறது. ஆனாலும் நன்றி பெற்றவர் முதலில் செய்ய வேண்டிய வேலை அதுவாக இருப்பது நன்றிக்கு அழகில்லை.

டேக் செய்ய இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. பதிவின் வாக்கியத்துக்குள் @ போட்டுப் பெயரைத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. பதிவுப் பெட்டிக்குக் கீழே உள்ள பொத்தானை அழுத்தி ஆட்களைச் சேர்ப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் சேர்த்த பெயர்கள் பதிவின் தலையில், இன்னாரும் இன்னும் 41 பேரும் உடன் இருக்கிறார்கள் என்ற பாணியில் வந்து நிற்கும். இதில் இரண்டு குறைகள். நாற்பத்தொரு பேரின் பெயர்கள் ஓர் எண்ணுக்குள் ஒளிந்துபோகின்றன. நன்றி யாருக்கு என்று படிப்பவருக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய குறை, அவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் இருந்தார்கள் என்று அந்த வரி சொல்கிறது. அன்று உடல்நலமில்லை என்று சொல்லி அலுவலகத்தில் விடுப்பு எடுத்தவரும், வேறொரு அழைப்பைத் தட்டிக்கழித்தவரும், விழாவுக்கே வராதவரும் அந்த வரியில் ஒன்றாகச் சிக்கிக்கொள்கிறார்கள். நன்றிக்கு ஏற்றது வாக்கியத்துக்குள் வரும் டேக்தான். அது ஒரு செயலோடு சேர்ந்து நிற்கும். எதற்காக அந்தப் பெயர் அங்கே வந்தது என்று எழுதியவரைச் சொல்லவைக்கும்.

இதைத் தெளிவாகப் பார்க்க, முதல் சிறுகதைத் தொகுப்பை வெளியிட்ட ஓர் எழுத்தாளரின் நன்றிப் பதிவை எடுத்துக்கொள்ளலாம். இது விளக்கத்துக்காக அமைத்த பதிவு. ஆனால் தமிழ் முகநூலில் நூல் வெளியீட்டுக்கு மறுநாள் இந்த வகைப் பதிவைக் காணாதவர் குறைவு. பெயர்களுக்குப் பதிலாக அவரவர் செய்த வேலை இங்கே தரப்படுகிறது. @ குறி உள்ளவை டேக் ஆனவை.

‘எனது முதல் சிறுகதைத் தொகுப்பின் வெளியீட்டு விழா நேற்று இனிதே நடந்தேறியது!!! வருகை தந்து சிறப்பித்த அனைவருக்கும், வர இயலாமல் வாழ்த்திய நல்லுள்ளங்களுக்கும், தோள் கொடுத்த தோழமைகளுக்கும் மனமார்ந்த நன்றிகள். @பதிப்பாளர் @ஓவியர் @வெளியிட்டவர் @திறனாய்வாளர் @நண்பர் @நண்பர் @எழுத்தாளர் @இதழாசிரியர் @நண்பர் …’

இப்படியே 43 பெயர்கள். கைப்பேசித் திரையில் முதல் சில வரிகளுக்குப் பிறகு ‘மேலும் பார்க்க’ என்று பதிவு மடங்கிவிடும். அதற்குக் கீழே பெரும்பாலும் பெயர்களே இருப்பதால், திறந்து பார்க்கிறவர் தன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் தேடிவிட்டுப் போவார். அட்டைப்படம் வரைந்தவரும் அழைப்பிதழுக்கு லைக் போட்டவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பல நாள் வேலைக்கும் ஒரு விரல்தொடுகைக்கும் ஒரே நன்றி என்று ஆகிவிடுகிறது. ஓவியரின் இடத்திலிருந்து பார்த்தால் அது நன்றிக்குறைவு.

திருத்தி எழுதுவதில் முதல் வேலை, 43 பெயர்களையும் எல்லாத் டேக்கையும் நீக்கிவிட்டு ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர் என்ன செய்தார் என்று குறிப்பது. இந்தப் பதிவில் அது இப்படிப் பிரிகிறது. புத்தகத்துக்கும் விழாவுக்கும் நேரடியாக உழைத்தவர்கள் 9 பேர்: பதிப்பாளர், ஓவியர், மெய்ப்பு பார்த்த ஆசிரியை, நூலை வெளியிட்டவர், முதல் பிரதி பெற்ற பழைய தமிழாசிரியர், திறனாய்வு செய்தவர், தொகுத்து வழங்கிய தோழி, அரங்கம் தந்த நூலகத்தின் நூலகர், படம் எடுத்தவர். விழாவுக்கு வந்த நண்பர்கள் 14 பேர். அழைப்பிதழைப் பகிர்ந்தும் கமெண்ட் போட்டும் வாழ்த்தியவர்கள் 11 பேர். குடும்பத்தார் 3 பேர். மீதி 6 பேர் புகழ்பெற்ற எழுத்தாளர்களும் இதழாசிரியர்களும். அவர்கள் வரவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை. பதிவு அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்ற ஆசையில் சேர்க்கப்பட்டவர்கள்.

அந்த 6 பெயர்கள் முதலில் போக வேண்டும். அவர்களுக்கு நன்றி சொல்ல எதுவும் இல்லாத பதிவில் அவர்கள் பெயர் இருந்தால், கவனத்தை இழுக்கவே அது வைக்கப்பட்டது என்று அவர்களுக்கும் தெரியும், படிக்கிற மற்ற 37 பேருக்கும் தெரியும். அதன் பிறகு உண்மையான நன்றிகளும் அதே நிறத்தில்தான் தெரியும். அந்த எழுத்தாளர் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதற்குரிய வழி, ஒரு பிரதியோடு நான்கு வரிக் கடிதம் வைத்து அனுப்புவது. இதழாசிரியருக்கு மதிப்புரைப் பிரதி அனுப்பும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. கமெண்டில் ‘@followers’, ‘@highlight’ என்று போட்டு எல்லோரையும் எழுப்பும் பழக்கமும் இதே வகைதான்; நன்றிப் பதிவின் கீழ் அது வரவே கூடாது.

வாழ்த்திய 11 பேர் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய கமெண்டுக்குக் கீழேயே பதில் எழுதுவது புதுப் பதிவில் டேக் செய்வதைவிடப் பொருத்தமானது. அந்த அறிவிப்பு அவருக்கு மட்டும் போகிறது, அவர் சொன்னதற்கே பதிலாகவும் போகிறது. வந்திருந்த 14 நண்பர்களுக்குப் பதிவில் ஒரு வாக்கியம் வேண்டும், ஆனால் 14 பெயர்கள் வேண்டியதில்லை. சிலரை மட்டும் சொன்னால் விடுபட்டவருக்கு வருத்தம். எல்லோரையும் சொன்னால் அது வருகைப் பதிவேடு. அன்று நடந்த ஒன்றைச் சொல்லும் வாக்கியமே அவர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும். வெளியூரிலிருந்து பேருந்து ஏறி வந்தவருக்குத் தனியாக ஒரு வாட்ஸ்அப் செய்தியோ தொலைபேசி அழைப்போ போகட்டும். குடும்பத்தாரை டேக் செய்வதால் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அறிமுகமில்லாதவர்களின் நட்பு அழைப்புகள்தான். அவர்களைப் பற்றி ஒரு வரி எழுதினால் போதும்.

ஆக, பெயர் சொல்ல வேண்டியவர்கள் 9 பேர். இந்த 9 பேரையும் டேக் செய்யலாமா என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் எழுதுகிறவரிடம் இல்லை, அந்த 9 பேரிடம் இருக்கிறது. கேட்பது எளிது. பதிவு போடுவதற்கு முதல் நாள் அனுப்பும் ஒரு செய்தி இப்படி இருக்கலாம்: ‘அண்ணா, நாளைக்கு நன்றிப் பதிவு போடுறேன். அட்டைப்படத்தைப் பத்தி ரெண்டு வரி எழுதியிருக்கேன். உங்க பக்கத்தை டேக் பண்ணலாமா, பேர் மட்டும் போதுமா?’ இந்தக் கேள்வியில் இரண்டு வாய்ப்பும் சமமாக வைக்கப்பட்டிருக்கிறது. ‘டேக் பண்றேன், பரவாயில்லையா?’ என்று மட்டும் கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லத் தயங்குவார்கள். எழுதிய வரிகளையும் சேர்த்து அனுப்பிவிட்டால், தகவல் பிழை இருந்தாலும் அப்போதே திருத்திவிடலாம்.

கேட்டால் வரும் பதில்கள் எழுதுகிறவர் எதிர்பார்க்காதவையாக இருக்கும். ஓவியரும் படம் எடுத்தவரும் டேக்கை விரும்புவார்கள். அந்த இணைப்பு வழியாக அவர்களுக்கு அடுத்த வேலை வரலாம். டேக் உண்மையிலேயே ஒருவருக்குப் பயன்படும் இடம் இதுதான். பதிப்பாளருக்கும் அப்படியே, ஆனால் அவருடைய சொந்தப் பக்கத்தைவிடப் பதிப்பகத்தின் பக்கத்தை டேக் செய்வது வாசகருக்கு உதவும், புத்தகம் வாங்குகிறவர் நேராக அங்கே போகலாம். மேடையில் பேசிய இருவரும் பொதுவெளியில் இயங்குகிறவர்கள், அவர்களுக்கும் தடை இருக்காது. மெய்ப்பு பார்த்தவர் அரசுப் பள்ளி ஆசிரியை. புரொஃபைலைப் பூட்டி வைத்திருப்பவர். பெயர் போதும் என்பார். தொகுத்து வழங்கிய தோழி முன்பு ஒருமுறை இப்படி டேக் ஆன பிறகு இன்பாக்ஸில் அந்நியர்கள் அனுப்பிய செய்திகளால் அலுத்துப்போனவராக இருக்கலாம். பெண்களின் பெயரை இணைப்பாக்கும்போது இந்த ஒன்றை நினைவில் வைப்பது அவசியம். நூலகர், தன் பெயரைவிட நூலகத்தின் வாசகர் வட்டத்தின் பெயரைப் போடச் சொல்வார். அரங்கம் கிடைத்தது அதன் வழியாகத்தான். தமிழாசிரியரின் கணக்கைப் பார்த்துக்கொள்வது பேரன் என்றால், அறிவிப்பு அவரிடம் போய்ச் சேராது. அவருக்கு நேரில் போய் நன்றி சொல்வதே முறை. இப்படியாக 9 பெயர்களில் டேக் 5 மட்டும்.

பெயர்களை வரிசைப்படுத்துவதில் பதவியையோ புகழையோ பார்த்தால் மேடைச் சண்டை பதிவுக்குள்ளும் வந்துவிடும். புத்தகம் உருவான வரிசையே பாதுகாப்பானது: கையெழுத்துப் பிரதி, மெய்ப்பு, அட்டை, அரங்கம், மேடை, படம். காலவரிசை யாரையும் மேலோ கீழோ வைப்பதில்லை.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கல் உண்டு. டேக் செய்த பெயர் அவர் புரொஃபைலில் வைத்துள்ளபடியேதான் வரும். சிலர் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்திருப்பார்கள், சிலர் புனைபெயரில். அதன் வாலில் ‘க்கு’, ‘ஆல்’, ‘இன்’ என்று வேற்றுமை உருபை ஒட்டினால் பெயர் உடைந்ததுபோலத் தெரியும். நீல எழுத்தில் பாதி, கறுப்பில் பாதி. மேலும் டேக் பெயரை மொட்டையாகவே காட்டும். நேரில் ‘ஐயா’ என்று அழைக்கப்படுகிறவர் அங்கே வெறும் பெயராக நிற்கிறார். இரண்டுக்கும் ஒரே தீர்வு, பெயருக்கு அடுத்து ஒரு மரியாதைச் சொல்லையோ உறவுச் சொல்லையோ வைத்து, உருபை அதில் ஏற்றுவது: ‘அவர்களுக்கு’, ‘அண்ணனால்’, ‘தோழரின்’. எந்தச் சொல் என்பது இருவருக்கும் உள்ள பழக்கத்தைப் பொறுத்தது. நேரில் ‘சார்’ என்று அழைக்கும் ஒருவரைப் பதிவில் திடீரென்று ‘தோழர்’ ஆக்கினால் அவருக்கே சங்கடமாக இருக்கும். இன்னொரு வழி, பெயரை வாக்கியத்தின் கடைசியில் எழுவாயாகவே நிறுத்துவது. ‘அட்டைப்படத்தை வரைந்தவர் @ஓவியர்’ என்றால் உருபே தேவைப்படாது.

இவ்வளவுக்குப் பிறகு பதிவு இப்படி ஆகிறது:

‘8 ஆண்டுகளில் எழுதிய 11 கதைகள் நேற்று மாலை புத்தகமாகிவிட்டன. கைப்பிரதியில் 13 கதைகள் இருந்தன. இரண்டை எடுத்துவிடச் சொன்னது @பதிப்பகம். அப்போது மனம் ஒப்பவில்லை. இப்போது படித்தால் அவர்கள் சொன்னதுதான் சரி. ஐந்தாம் கதையில் அத்தைக்கு இரண்டு பெயர் இருந்ததைக் கண்டுபிடித்தவர் மெய்ப்பு பார்த்த ஆசிரியை. அட்டைக்கு மூன்று முறை வரைந்து, கடைசியில் பனைமரத்தை நீக்கிக் கிணற்றைக் கொண்டுவந்தவர் @ஓவியர்.

நூலக வாசகர் வட்டம் அரங்கம் தந்தது. நாற்காலி போதாமல் நூலகர் படிப்பறையிலிருந்து எடுத்து வந்து போட்டார். நூலை @வெளியிட்டவர் அவர்கள் வெளியிட, பத்தாம் வகுப்பில் எனக்குத் தமிழ் நடத்திய ஐயா முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டார். கடைசிக் கதையின் முடிவு அவசரமானது என்று @திறனாய்வாளர் அவர்கள் மேடையிலேயே சொன்னார். அது எனக்குப் பயன்படும். நிகழ்ச்சியை நேரத்துக்கு முடித்துக் கொடுத்தவர் தொகுத்து வழங்கிய தோழி. படங்கள் @படம் எடுத்தவர்.

மழை பிடித்துக்கொண்ட பிறகும் கிளம்பாமல் வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருந்த நண்பர்களுக்கும், இந்த எட்டு ஆண்டுகளும் எழுதுகிற நேரத்தில் கதவைச் சாத்திவிட்டுப் போன வீட்டாருக்கும் நன்றி.’

பழைய பதிவில் ‘நன்றிகள்’ என்ற சொல்லும் ஆச்சரியக்குறிகளும் உணர்ச்சியைச் சுமந்தன. இதில் நன்றி என்ற சொல் ஒரே ஒரு முறை, கடைசியில் வருகிறது. மற்ற இடங்களில் ஒவ்வொருவரும் செய்த காரியம் சொல்லப்பட்டிருக்கிறது. ஆசிரியையின் பெயர் இணைப்பாக இல்லை; ஆனால் அத்தையின் பெயர்க் குழப்பத்தைக் கண்டுபிடித்தவர் அவர் என்பதை வாசகர் மறக்கமாட்டார். அந்த வரியை அவர் படித்தால் அது தனக்கு மட்டுமே எழுதப்பட்டது என்று அவருக்குத் தெரியும். டேக் இல்லாததால் அவர் அதைப் பார்க்காமல் போய்விடக்கூடும் என்றால், இணைப்பை நகலெடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.

ஒரு வரியை இந்த அளவுக்கு எழுத முடியாத பெயர் வந்தால், அது ஒரு நல்ல சோதனை. ‘உறுதுணையாக இருந்தவர்’, ‘எல்லா வகையிலும் உதவியவர்’ என்பதைத் தாண்டி ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்றால், ஒன்று அவர் செய்ததை எழுதுகிறவர் கவனிக்கவில்லை, அல்லது அந்தப் பெயர் மரியாதைக்காக மட்டும் சேர்க்கப்பட்டது. முதலாவது என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது என்றால் அந்தப் பெயருக்கு இந்தப் பதிவில் இடமில்லை.

ஏற்கெனவே 43 பேரோடு பதிவு வெளியாகிவிட்டால், அதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதில்லை. அழித்தால் வாழ்த்திய கமெண்டுகளும் சேர்ந்து போய்விடும். முகநூலில் பதிவைத் திருத்தலாம். டேக்குகளை நீக்கி, புது வாக்கியங்களை எழுதிச் சேமித்தால் போதும். முதல் அறிவிப்பு போனது போனதுதான், ஆனால் இனி வரும் கமெண்டுகள் மற்றவர்களை எழுப்பாது. திருத்தியதன் பழைய வடிவங்களைப் பதிவைப் பார்க்க முடிகிறவர்கள் திறந்து பார்க்க முடியும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. நீக்கிய பெயர்களை முதல் கமெண்டில் கொண்டுபோய் வைப்பது சிலருடைய வழக்கம். அங்கேயும் டேக் டேக்தான்; அறிவிப்பு அதே 43 பேருக்குப் போகும்.

ஒரு பதிவு பாரமாகிவிட்டது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். டேக் ஆனவர் தன்னை நீக்கிக்கொண்டாலும் பதிவிட்டவருக்கு அறிவிப்பு வராது. முன்பு நீலமாக இருந்த பெயர் இணைப்பில்லாத வெறும் எழுத்தாகியிருந்தால் புரிந்துகொள்ளலாம். வருகிற கமெண்டுகளும் அடையாளம் காட்டும். 43 பேர் பட்டியலின் கீழ் ‘வாழ்த்துகள்’, கைகூப்பும் படங்கள், ‘என்னையும் சேர்த்ததற்கு நன்றி’ என்பவை வரும். திருத்திய பதிவின் கீழ் யாரோ ஒருவர் எடுத்துவிட்ட இரண்டு கதைகள் எவை என்று கேட்பார், ஓவியரிடம் பனைமரம் ஏன் போனது என்று இன்னொருவர் கேட்பார். உரையாடல் புத்தகத்தைப் பற்றியதாக மாறும்.

டேக்கைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையும் உண்டு: நிறையப் பேரைச் சேர்த்தால் பதிவு தானாகப் பரவும் என்பது. வாசகர்களை நண்பர்களை டேக் செய்யச் சொல்லித் தூண்டும் பதிவுகளைக் கீழே தள்ளுவதாக முகநூல் 2017 டிசம்பரில் அறிவித்தது. அந்த விதி நன்றிப் பதிவில் பெயர் குறிப்பிடுவதைப் பற்றியது இல்லை. ஆனால் ‘யாரையெல்லாம் மறந்தேனோ அவர்களைக் கமெண்டில் டேக் செய்யுங்கள்’ என்று பதிவின் கடைசியில் எழுதுவது அதன் பக்கத்தில் போய் நிற்கிறது. மறந்தவரை எழுதியவரே கண்டுபிடித்துச் சேர்ப்பதுதான் நன்றி.

மற்ற தளங்களில் கருவிகள் சற்று மாறும். எக்ஸ் தளத்தில் ஒரு படத்தில் 10 பேர் வரை டேக் செய்யலாம். வேண்டாத உரையாடலிலிருந்து தன் பெயரை விடுவித்துக்கொள்ளும் வசதியும் 2022 முதல் இருக்கிறது. பதிவின் கீழ் நீளும் பதில் ஒவ்வொன்றும் முதலில் குறிப்பிட்ட எல்லோரையும் இழுத்துச் செல்வதால், அங்கே இரண்டு மூன்று பெயருக்கு மேல் போவது முகநூலைவிடத் தொல்லை. இன்ஸ்டாகிராமில் படத்தின் மேல் 20 பேர் வரை டேக் செய்யலாம். அந்தப் படம் டேக் ஆனவர் பக்கத்தில் அதற்கென உள்ள பகுதியிலும் போய்ச் சேரும். படத்தின் கீழ் எழுதும் குறிப்பில் @ போட்டால் அப்படிச் சேராது. எனவே படத்தில் தெரிபவர்களை மட்டும் படத்தில் டேக் செய்து, ஓவியரையும் பதிப்பகத்தையும் குறிப்பில் சொல்வது முறை. இந்த இரு தளங்களிலும் பெயரைத் தேர்ந்தெடுக்காமல் நேராகத் தட்டச்சு செய்கிறவர்கள் அதிகம். பயனர்பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் நன்றி வேறொரு ஊரில் உள்ள அறிமுகமில்லாத ஒருவருக்குப் போய்விடும். வெளியிட்ட உடனே ஒவ்வொரு பெயரையும் தொட்டு, சரியான பக்கம்தான் திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.